கொலை நடக்கவில்லை, ஆனாலும் கூட்டுச்சதி, குற்ற உடந்தை வழக்கு யார் மேல் நிற்கும்?

கேள்வி: "சொத்துத் தகராறில் ஒருத்தரைக் கொல்ல ஆள் பேசி அட்வான்ஸும் கொடுத்திருக்காங்க. ஆனா அந்த ஆள் செய்யலை, நேரா போலீஸ்ல போய் சொல்லிட்டான். கொலையே நடக்காதப்போ யார் மேல கேஸ் நிற்கும்? பேசி வச்சதுக்கே தண்டனை உண்டா?"

உண்டு. ஆனால் எல்லார் மேலும் ஒரே மாதிரி நிற்காது. குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் சாட்சி இல்லாமல் தோற்பதைவிட, தப்பான பிரிவில் குற்றச்சாட்டு வனைந்ததால் தடுமாறுகின்றன.

புரிவதற்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். அண்ணன் ஒருவர் தம்பியைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்கிறார். ஊரில் ஒரு தரகரிடம் சொல்கிறார். தரகர் ஒரு கூலிப்படை ஆளைப் பிடிக்கிறார். 5 லட்சம் பேசி, 1 லட்சம் முன்பணம், தம்பியின் போட்டோ, அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் நேரம் எல்லாம் கைமாறுகிறது. ஒரு மெக்கானிக் நம்பர் பிளேட் இல்லாத பைக் ஒன்றைக் கொடுக்கிறார். குறித்த நாளுக்கு முன்பே கூலி ஆள் காவல் நிலையத்தில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

முதலில் அண்ணன். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 45-ஆவது பிரிவு உடந்தையை மூன்றாகப் பிரிக்கிறது: தூண்டுவது, சதியில் சேர்வது, உதவி செய்வது. தூண்டிய குற்றம் தூண்டிய நொடியிலேயே முடிந்துவிடும். தூண்டப்பட்டவன் அதைச் செய்தானா இல்லையா என்பது வேறு விஷயம். 46-ஆவது பிரிவின் உதாரணமே இதுதான்: ஒருவன் இன்னொருவனைக் கொலை செய்யத் தூண்டுகிறான், அவன் மறுத்துவிடுகிறான், ஆனாலும் தூண்டியவன் குற்றவாளி. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்துக்குத் தூண்டி, அது நடக்காமல் போனால், 55-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். அந்தத் தூண்டுதலின் விளைவாக யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தால் 14 ஆண்டு வரை. (2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. அளவு அதேதான்.) கோபத்தில் வாய் தவறிச் சொன்ன "வெட்டிப் போடு" இதில் வராது. முன்பணமும் போட்டோவும் கொடுத்தவர் கோபத்தில் பேசினேன் என்று சொல்ல முடியாது.

அடுத்து கூட்டுச்சதி, 61-ஆவது பிரிவு. போலீஸ் பெரும்பாலும் முதலில் எடுப்பது இதைத்தான். இரண்டு பேராவது ஒரு குற்றத்தைச் செய்ய ஒத்துக்கொண்டால் போதும். ஒத்துக்கொண்டதே குற்றம், மேற்கொண்டு ஒரு செயலும் நடந்திருக்க வேண்டாம். உடந்தையில் வரும் சதி அப்படியில்லை. அங்கே ஒத்துக்கொண்டதன் பேரில் ஏதாவது ஒரு செயலோ, சட்டவிரோதமான செய்யாமையோ நடந்திருக்க வேண்டும். தனிக் குற்றமாகக் கூட்டுச்சதி சட்டத்தில் நுழைந்தது 1913-இல்தான். தண்டனை மட்டும், தனியாக எங்கும் சொல்லப்படாவிட்டால், உடந்தைக்கு உள்ள அளவுதான். அதாவது கொலை நடக்காத கொலைச்சதிக்கும் கடைசியில் அந்த 7 ஆண்டுக்கே வந்து நிற்போம்.

இங்கேதான் சிக்கல். சதிக்கு இரண்டு மனம் வேண்டும். கூலி ஆள் ஆரம்பத்திலிருந்தே போலீஸுக்குச் சொல்லும் எண்ணத்தோடு ஒத்துக்கொண்டது போல நடித்திருந்தால், அவருக்கும் அண்ணனுக்கும் இடையில் உண்மையான ஒப்பந்தமே கிடையாது. ஒரு ஆள் தனக்குத் தானே சதி செய்ய முடியாது. மற்ற எல்லாரும் விடுதலையானால் மிஞ்சிய ஒருவர் மேல் சதி நிற்காது என்று டோபன்தாஸ் வழக்கில் 1955-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் கதையில் அண்ணனுக்கும் தரகருக்கும் நடுவில் ஒப்பந்தம் உண்மையானது என்பதால் சதிக் குற்றச்சாட்டு நிற்கிறது. தரகரே இல்லாமல் அண்ணன் நேரடியாக அந்த ஆளிடம் பேசியிருந்தால்? சதிக் குற்றச்சாட்டு நிற்காது. தூண்டுதல் நிற்கும், ஏனென்றால் அதற்குத் தூண்டப்பட்டவரின் மனம் தேவையே இல்லை.

கூலி ஆள் உண்மையாகவே ஒத்துக்கொண்டு, பணம் வாங்கி, இரண்டு நாள் கழித்து மனம் மாறிப் போனால் கதை வேறு. ஒத்துக்கொண்ட அன்றே அவர் குற்றமும் முடிந்துவிட்டது. பின்வாங்கியது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை அழிக்காது. நடைமுறையில் இவரைத்தான் அப்ரூவர் ஆக்கி மன்னிப்புக் கொடுத்துச் சாட்சி சொல்ல வைப்பார்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு, கூட்டாளியின் சாட்சியை வேறு ஆதாரம் தாங்கினால் தண்டிக்கலாம் என்கிறது. அதனால் முன்பணம் போன வழி, போன் பேச்சுப் பதிவு, அந்தப் பதிவுக்கு உரிய சான்றிதழ், இவை இல்லாமல் அவர் வாயை மட்டும் நம்பி வழக்கு நடத்துவது ஆபத்து.

மெக்கானிக்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறவர். பைக் எதற்கென்று தெரிந்தே கொடுத்தார், ஆனால் திட்டத்தில் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கையில் அவரையும் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் உதவி என்ற வகைக்கு, அந்த உதவி உண்மையில் குற்றம் நடக்கத் துணைபுரிந்திருக்க வேண்டும் என்று 45-இன் விளக்கமே கேட்கிறது. குற்றமே நடக்கவில்லை என்றால் எதற்குத் துணைபுரிந்தார்? ஜமுனா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவினையைத்தான் செய்தது: தூண்டியவரின் குற்றம் செய்தவரைச் சார்ந்ததல்ல, உதவியவரின் குற்றம் செயல் நடந்ததைச் சார்ந்தது. ஆக மெக்கானிக்கைச் சதிக்குள் கொண்டுவர முடிந்தால்தான் அவர் மேல் வழக்கு நிற்கும். வெறும் பழக்கத்தை வைத்துக் கொண்டுவர முடியாது. ராஜீவ் காந்தி வழக்கில் கொலை நடந்தே இருந்தும், விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்த 26 பேரில் 19 பேரை 1999-இல் உச்ச நீதிமன்றம் கொலைச்சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சதிகாரர்களோடு பழகியதும், அவர்களுக்கு இடம் கொடுத்ததும், சதியில் சேர்ந்ததாக ஆகாது என்பதே காரணம்.

விஷயம் தெரிந்தும் வாய் மூடி இருந்த வீட்டார் பற்றியும் சிலர் கேட்பார்கள். சும்மா தெரிந்திருந்தது மட்டும் உடந்தை ஆகாது. திட்டம் நடக்க வழிவிடும் எண்ணத்தோடோ, மறைத்தால் அது எளிதாகும் என்று தெரிந்தோ மறைத்தால் 58-ஆவது பிரிவு வரும். குற்றம் நடக்காவிட்டால் 3 ஆண்டு வரை.

உங்கள் வழக்கில் குற்றப்பத்திரிகை நகல் வந்ததும் இதைப் பாருங்கள்: 61 மட்டும்தான் இருக்கிறதா, 45-உடன் சேர்த்து 55-உம் இருக்கிறதா? 61 மட்டும் என்றால், புகார் கொடுத்தவர் தரப்பில் அரசு வழக்கறிஞரிடம் சொல்லி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 239-இன் கீழ் குற்றச்சாட்டைத் திருத்தும்படி நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் திருத்தலாம். நீங்கள் குற்றம் சாட்டப்பட்ட தரப்பு என்றால், போலீஸில் சொன்ன அந்த ஆள் எந்தத் தேதியிலிருந்து நடித்தார் என்பதை அவர் வாக்குமூலத்திலேயே தேடுங்கள்.