தணிக்கை அறிக்கையிலிருந்து திருத்த நடவடிக்கைப் பட்டியலுக்கு: வாசகர் கேள்விகள்

ஐ.எஸ்.ஓ. 9001 தணிக்கையில் ஒரு மைனர் என்.சி., அதாவது சிறிய விதிமீறல் குறிப்பு, வந்தது. பட்டியலில் ‘காலிபரேஷன் செய்யவில்லை’ என்று எழுதினேன். மேலாளர் போதாது என்கிறார்.

அவர் சொல்வதுதான் சரி. எந்த விதி மீறப்பட்டது, என்ன குறை, அதற்கு என்ன ஆதாரம் என்று என்.சி.யில் மூன்று விஷயங்கள் இருக்கும். மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். உங்கள் அறிக்கை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘பிரிவு 7.1.5.2. கருவிகளின் காலிபரேஷன் உரிய காலத்தில் செய்யப்படவில்லை. பார்த்த 12 கருவிகளில் VC-04, VC-07 ஆகிய வெர்னியர் காலிப்பர்களின் கெடு ஜனவரியில் முடிந்தும் லேத் பிரிவில் பயன்பாட்டில் இருந்தன.’ கடைசி வாக்கியம்தான் ஆதாரம். அதைச் சுருக்காமல், எண்களோடு அப்படியே எடுத்து எழுதுங்கள்.

இரண்டு காலிப்பர் என்பதற்காக இரண்டு வரிசை போட வேண்டாம், என்.சி. ஒன்றுதான். ஆனால் 12 என்பது தணிக்கையாளர் பார்த்த மாதிரி மட்டுமே. உங்களிடம் 60 கருவிகள் இருந்தால் மீதி 48-ஐயும் நீங்கள் பார்க்க வேண்டும். இதே குறை வேறெங்கும் உண்டா என்று பிரிவு 10.2 கேட்கிறது. VC-07 பிழையாக அளந்தது தெரியவந்தால், அதைக் கொண்டு முன்பு அளந்த பாகங்களின் கதி என்ன என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

மூல காரணம் அறிக்கையில் இருக்காது. தணிக்கையாளர் காரணமோ தீர்வோ சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கான விதி. நீங்களே கண்டறியும் வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். குறையையே வேறு சொற்களில் எழுதி நிரப்பாதீர்கள்.

‘மேம்பாட்டு வாய்ப்பு’ என்று வந்தவற்றையும் சேர்க்கலாமா?

தனித் தாளில் சேருங்கள். அவற்றுக்குக் கெடு கிடையாது. கலந்துவிட்டால் உண்மையான கெடு கண்ணில் படாது.

‘30 நாட்களுக்குள் பதில்’ என்றிருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது?

சான்றளிக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், அறிக்கையிலேயே தேடுங்கள். நிறைவுக் கூட்டம் 14.3.2025, அறிக்கை கைக்கு வந்தது 21.3.2025 என்றால், முதல் கணக்கில் கெடு 13.4.2025, இரண்டாவதில் 20.4.2025. இரண்டுமே ஞாயிறு, 13-க்கு மறுநாள் சித்திரை முதல் நாள். நானாக இருந்தால் 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமையை உள்கெடுவாகப் போடுவேன். பதில் அனுப்பும் கெடுவும் நடவடிக்கைக்கான சான்று அனுப்பும் கெடுவும் வேறாக இருந்தால், அவற்றுக்கு இரண்டு நெடுவரிசை.

தேதிகளை எக்ஸெலில் ஒட்டினால் சிலவற்றில் `#VALUE!` வருகிறது.

கணினி அமெரிக்க முறையில் மாதத்தை முதலில் படிக்கிறது. 14/03/2025-க்குப் பதினான்காம் மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாக, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். `=A2+30` அதில்தான் முறியும். ஆபத்து அதில் இல்லை. பிழை காட்டாத 03/04/2025-இல் இருக்கிறது. ஏப்ரல் 3 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகிவிடும். தேதிகளை மட்டும் 03-ஏப்-2025 போல மாதப் பெயர் தெரியும் வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.