பூஜை செய்கிறேன், மனம் கசியவில்லை

கேள்வி: எனக்கு 52 வயது. மாமியார் சொல்லிக் கொடுத்த முறைப்படி 28 வருஷமாகத் தினமும் பூஜை செய்கிறேன். ஒரு நாள் தவறினாலும் பயமாக இருக்கும். ஆனால் மனம் கசிந்ததே இல்லை. என் அப்பா விளக்குகூட ஏற்ற மாட்டார். தேவாரம் கேட்டால் மட்டும் கண் கலங்கிவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா தர்காவில் உட்கார்ந்து அழுவதையும் பார்த்திருக்கிறேன். நான் செய்வது வெறும் சடங்குதானா? அதை விட்டுவிட்டால்தான் பக்தி வருமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததும் காளத்தி மலையில் இருந்த இரண்டு பேர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். ஒருவரை எல்லோருக்கும் தெரியும். மற்றவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. உங்கள் கேள்விக்கு அந்த இரண்டாமவரும் வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியபடி, பின்னால் கண்ணப்பர் என்று பெயர் பெற்ற திண்ணன் என்ற வேட்டுவ இளைஞன் ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைப்பக்கம் வருகிறான். மலைமேல் குடுமித்தேவர் இருக்கிறார் என்று கூட வந்த நாணன் சொல்ல, இருவரும் ஏறுகிறார்கள். இறைவனைக் கண்டதும் ஓடிப்போய்த் தழுவிக்கொள்கிறான். அடுத்த கணமே அவனுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது: காட்டு விலங்குகள் திரிகிற இடத்தில் இவர் துணையில்லாமல் தனியே இருக்கிறாரே!

லிங்கத்தின் மேல் பச்சிலையும் பூவும் இருப்பதைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்கிறான். முன்பு உன் அப்பாவோடு வேட்டைக்கு வந்தபோது பார்த்தேன், ஒரு பார்ப்பனர் குளிர்ந்த நீரை ஆட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவு ஊட்டி, ஏதோ சில சொற்கள் சொன்னார் என்கிறான் நாணன். திண்ணனுக்குக் கிடைத்த தீட்சை அவ்வளவுதான். நீர், பூ, உணவு. மந்திரம் அவன் காதில் விழவில்லை.

பிறகு அவன் செய்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். பன்றி இறைச்சியைக் காய்ச்சி, ஒவ்வொரு துண்டாக வாயில் இட்டு, பதமானதை மட்டும் தேக்கிலையில் தைத்த தொன்னையில் சேர்க்கிறான். ஒரு கையில் இறைச்சி, மறு கையில் வில். அபிஷேகத்துக்குப் பொன்முகலி ஆற்று நீரை வாயில் முகந்துகொள்கிறான். பூக்களைத் தலைமுடியில் செருகிக்கொள்கிறான். மேலே ஏறி, பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டு, வாய் நீரை உமிழ்ந்து நீராட்டி, தலைப் பூவை உதிர்த்து, இறைச்சியைப் படைக்கிறான். இரவு முழுவதும் வில்லோடு காவல் நிற்கிறான்.

சகோதரி, இதில் எதுவும் சடங்குக்குப் புறம்பானது இல்லை. நிர்மால்யம் களைதல், அபிஷேகம், அர்ச்சனை, நைவேத்தியம் எல்லாம் வரிசையாக நடக்கின்றன. சடங்கைத் தூக்கி எறிந்தவன் என்று கண்ணப்பரைச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர் மீறியது ஆசாரத்தை, சுத்தம் அசுத்தம் என்ற கணக்கை. பூஜையின் உடல் அப்படியே இருந்தது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? அந்த இரவுக் காவலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விதிப்படி செய்யும் பூஜைக்கு நேரம் உண்டு, வரிசை உண்டு, அளவு உண்டு. குறை நேர்ந்தால் பிராயச்சித்தம் உண்டு. தீபாராதனை ஆனதும் அன்றைக்கு நிறைவாகிவிடும். சரியாகச் செய்தேனா என்பதே அது நம்மிடம் கேட்கும் கேள்வி. அன்பு கேட்பது வேறு. அவர் சாப்பிட்டாரா? தனியே இருக்கிறாரே, குளிருமோ? இந்தக் கேள்விகளுக்கு முடிவு கிடையாது. அதனால்தான் படைத்து முடித்த பிறகும் திண்ணனால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

இனி இரண்டாமவர். சிவகோசரியார், ஆகம முறைப்படி அங்கே பூஜை செய்துவந்தவர். காலையில் திண்ணன் வேட்டைக்குப் போன நேரத்தில் வருகிறார். சந்நிதியில் எலும்பும் இறைச்சியும் கிடப்பதைப் பார்த்துப் பதறிப்போகிறார். எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்து, மறுபடி ஆற்றில் குளித்து வந்து, முதலிலிருந்து பூஜை செய்கிறார். மறுநாளும் அதே கோலம். அதற்கடுத்த நாளும். ஒரு நாள்கூட அவர் வராமல் இருக்கவில்லை. அவரை வறட்டுச் சடங்குக்காரர் என்று ஒதுக்கும் கதைசொல்லிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தன் சாமியின் இடத்தை யாரோ பாழாக்குகிறார்கள் என்று தவித்து இறைவனிடமே முறையிட்டாரே, அந்தத் தவிப்பு அன்பில்லாமல் வேறென்ன?

அன்றிரவு இறைவன் அவர் கனவில் வந்து திண்ணனைப் பற்றிச் சொல்கிறார்:

அவனுடைய வடிவெல்லாம் நம்பக்கல் அன்பென்றும்
அவனுடைய அறிவெல்லாம் நமையறியும் அறிவென்றும்

இவ்வளவு பெரிய வார்த்தை முதலில் யார் காதில் விழுகிறது பாருங்கள். திண்ணனுக்கு அது தெரியாது. சடங்கு தவறாத சிவகோசரியாரிடம்தான் சொல்லப்படுகிறது. நாளை மறைந்திருந்து பார் என்று அவரையே சாட்சியாக வைக்கிறார் இறைவன். ஆறாம் நாள் லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வடிய, பச்சிலை பிழிந்தும் நிற்காமல் போக, ஊனுக்கு ஊன் என்ற பழமொழி நினைவுக்கு வந்து திண்ணன் தன் கண்ணையே அம்பால் எடுத்து அப்பியதை அவர் மறைவிலிருந்து பார்த்தார். மறு கண்ணிலும் ரத்தம் வர, இடம் தெரிய வேண்டுமே என்று அதன்மேல் காலை ஊன்றி, தன் இன்னொரு கண்ணையும் எடுக்கப் போனபோது ‘நில்லு கண்ணப்ப’ என்று இறைவன் கை நீண்டு தடுத்ததையும் பார்த்தார்.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவர் கேட்கும் தேவாரத்தில் அப்பரின் இந்தப் பாட்டும் இருந்திருக்கலாம்: ‘கங்கை யாடிலென் காவிரி யாடிலென்’. குமரியில் நீராடி என்ன, கடலில் நீராடி என்ன, எங்கும் ஈசன் என்று எண்ணாதவருக்குப் பயனில்லை என்று முடியும். சடங்கு வேண்டாம் என்பதற்கு இதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் பாடியவரின் கையில் என்ன இருந்தது? உழவாரப்படை. ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கியவர் அவர். உடலால் செய்யும் தொண்டை அவர் விட்டதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் வழியிலும் இதே கதைதான். ஈராக்கின் பஸ்ராவில் 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் ராபியா. ஒரு கையில் நெருப்பும் மறு கையில் தண்ணீருமாக அவர் தெருவில் போனதாக ஒரு கதை உண்டு. சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைத்துவிட்டால், ஆசைக்கும் பயத்துக்கும் இல்லாமல் இறைவனை அவனுக்காகவே வணங்குவார்கள் என்றாராம். அதே ராபியா இரவெல்லாம் தொழுகையில் நின்றவர் என்றுதான் அவரைப் பற்றிய கதைகள் சொல்கின்றன. அவர் எடுத்துவிட நினைத்தது கூலியையும் தண்டனையையும். தொழுகை அப்படியே இருந்தது, கூடவும் செய்தது. நம் ஊர் சூஃபிகள் ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத் என்று படி சொல்லும்போதும் முதல் படி மார்க்க விதிதான். குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற காதலியாக்கிக் கண்ணிகளாகப் பாடி உருகினார். அவர் வீட்டைத் துறந்து தனிமையில் தவமிருந்தவர். அந்தத் துறவை எல்லோருக்கும் விதியாக யாரும் வைக்கவில்லை.

இதில் வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. கண்ணீரைப் பக்தி என்று எடுத்துக்கொள்வது. பாட்டுக்கும் ராகத்துக்கும்கூடக் கண் கலங்கும். அழுகை நின்ற பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவின் கண்ணீரைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. அதை அளவுகோலாக வைத்து உங்களை நீங்கள் அளந்துகொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வேறுபாட்டை உங்களுக்குள் கண்டுகொள்ள நான் நம்பும் அடையாளம், ஒரு நாள் பூஜை தவறினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது. தோஷம் வருமோ, வீட்டுக்கு ஏதாவது ஆகுமோ என்று வந்தால் அது விதியை மீறிவிட்டோமே என்ற பயம். இன்று அவரைப் பார்க்கவில்லையே என்று வந்தால் அது பிரிவு. நீங்கள் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில், 28 வருஷம் கழித்து, மனம் கசியவில்லையே என்றும் வருந்தியிருக்கிறீர்கள். விதியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வருத்தம் வரவே வராது. முறை சரியாக இருக்கும்போது அவர் எதற்கு வருந்த வேண்டும்?

மாணிக்கவாசகரும் இதைத்தான் பாடினார். ‘கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்’ என்று ஒரு வரி, திருக்கோத்தும்பியில். கண்ணப்பனைப் போன்ற அன்பு என்னிடம் இல்லை என்பதைப் பார்த்த பிறகும் என்னை ஆட்கொண்டானே என்கிறார். திருவாசகம் பாடியவருக்கே அன்பு போதவில்லை என்று தோன்றியிருக்கிறது.

அதனால் பூஜையை விடாதீர்கள். மாமியார் கொடுத்த முறையையும் மாற்ற வேண்டாம். பயத்துக்காகச் சேர்த்துக்கொண்டவை ஏதாவது இருந்தால், இத்தனை முறை, இத்தனை சுற்று என்று எண்ணிக்கைக்காக ஓட்டுபவை இருந்தால், அவற்றை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் சொல்லாமல் சும்மா உட்காருங்கள். ஒரு மாதம் எதுவும் நடக்காமல் போகலாம். போகட்டும்.

நாளைக் காலை பால் வைப்பீர்கள் இல்லையா? டம்ளரை வைப்பதற்கு முன்னால் இரண்டு சொட்டு உங்கள் புறங்கையில் விட்டுப் பாருங்கள், குழந்தைக்குப் பார்ப்பதுபோல. சுட்டால் கொஞ்சம் ஆற்றிவிட்டு வையுங்கள்.