பத்தாயிரத்து ஐந்நூறு கதிர்கள்

ஐயா,

முதுகலை வரலாறு படிக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பான் மட்டும் தொழில்நாடாக மாறியது, சீனாவும் கொரியாவும் இந்தியாவும் ஏன் மாறவில்லை? சாமுராய்களின் கட்டுப்பாடும் மன்னர் மீதான விசுவாசமும்தான் காரணம் என்கிறார் எங்கள் பேராசிரியர். அரசே மேலைநாட்டு இயந்திரங்களை வாங்கி இறக்கியதால்தான் என்கிறான் நண்பன். எது சரி? என் அப்பா முப்பது வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்டேன், “அவன் உழைச்சான், நாம பேசினோம்” என்றார்.

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

உங்கள் அப்பாவின் பதிலை நான் ரசித்தேன், ஆனால் அது தவறு. பேராசிரியரின் பதிலை ரசிக்கவும் முடியவில்லை. ஒரு நாடு முன்னேறிய பிறகு அதன் பழைய குணங்களை எல்லாம் காரணமாக எழுதிவைப்பது எளிது. ஜப்பான் தோற்றிருந்தால் அதே சாமுராய் மரபைக் காட்டி, “போர்வீரனுக்கு வியாபாரம் கைவராது, அதனால் தோற்றான்” என்று இதே பாடத்தை எழுதியிருப்பார்கள். தோல்விக்கும் வெற்றிக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது காரணம் ஆகாது. முதுகலை மாணவர் இதையாவது கவனித்திருக்க வேண்டும்.

கொரியாவை இங்கே விட்டுவிடுகிறேன். 1876-ல்தான் வெளிநாட்டு வணிகத்துக்குத் துறைமுகம் திறந்த நாடு அது, அதன் கதை வேறு. 1873-ல் ஜப்பான் கொண்டுவந்த நிலவரி (நில மதிப்பில் 3 சதவீதம், நெல்லாக இல்லாமல் பணமாக) அரசுக்கு நிலையான வருவாயைத் தந்தது என்பதும் உண்மை. அதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். உங்கள் நண்பர் சொன்னதைத்தான் நான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அரசு இயந்திரம் வாங்கி இறக்கியது என்கிறாரே, ஆமாம், இறக்கியது. இறக்கிய ஆலைகள் பெரும்பாலும் நொடித்தன. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

துறைமுகங்கள் திறந்ததும் ஜப்பானில் இங்கிலாந்து நூலும் பம்பாய் நூலும் குவிந்தன. மேலைநாடுகளோடு போட்ட ஒப்பந்தப்படி இறக்குமதி வரியை ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு மேல் போட முடியாது, ஆகவே சுங்கச்சுவர் எழுப்ப வழியில்லை. அரசு இங்கிலாந்திலிருந்து நூற்பு இயந்திரங்களை, ஒவ்வொன்றும் நூலை முறுக்கிச் சுற்றும் 2,000 கதிர் கொண்ட தொகுதிகளாக வரவழைத்தது. மாதிரி ஆலைகள் அமைத்தது. 1879-ல் வாங்கிய பத்துத் தொகுதிகளை வட்டியில்லாமல் பத்து வருடத் தவணையில் தனியாருக்குக் கொடுத்தது. இதைவிடத் தாராளமான அரசு எங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு தொகுதியை வாங்கியவர் மியே பகுதியைச் சேர்ந்த இதோ தென்ஷிச்சி. கவாஷிமா என்ற ஊரில் ஆற்றோரமாக ஆலை கட்டி 1882-ல் ஓட்டத் தொடங்கினார். நிலக்கரி வாங்கப் பணம் இல்லாத இடத்தில் ஆற்றுநீரால் சக்கரம் சுற்றலாம் என்பதுதான் திட்டம். ஆற்றில் போதிய நீர் இல்லை. நீர் குறைந்தால் தண்டு மெதுவாகச் சுழலும், தண்டு மெதுவானால் எல்லாக் கதிரும் மெதுவாகும், முறுக்கு ஒரே சீராக விழாது. நீர் நின்றால் ஆலையே நிற்கும், கூலி மட்டும் நிற்காது.

அது மட்டுமல்ல. 2,000 கதிர் என்ற அளவே சிக்கல். பஞ்சை உதறும் இயந்திரம், சிக்கெடுக்கும் கார்டிங், இழை இழுக்கும் பிரேம் எல்லாம் கதிருக்கு முன்னால் இருக்க வேண்டியவை. 2,000 கதிருக்கும் உதறும் இயந்திரம் ஒன்று வேண்டும், அதே ஒன்று இன்னும் பல ஆயிரம் கதிருக்குப் பஞ்சு கொடுக்கும். மேலாளர் ஒருவர், இயந்திரம் பழுது பார்ப்பவர் ஒருவர், கணக்கர் ஒருவர் என்பதும் அப்படியே. செலவெல்லாம் இரண்டாயிரம் கதிரின் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு உள்ளூர்ப் பஞ்சையே நூற்க வேண்டும் என்பது அரசின் எண்ணம். அந்தப் பஞ்சு குட்டை இழை, விலையும் அதிகம். அப்பாவிடம் கேளுங்கள், குட்டைப் பஞ்சில் நூல் எத்தனை முறை அறும் என்று.

இப்போது எதிர்ப்பக்கம். ஷிபுசாவா எய்இச்சி என்ற வங்கிக்காரர், ஏன் இவை நட்டமடைகின்றன என்று கணக்குப் பார்த்தார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த யமனோபே தகேஓ என்ற இளைஞருக்குக் கடிதம் போட்டு, படிப்பை நூற்புக்கு மாற்றச் சொன்னார். யமனோபே முதலில் இயந்திரவியல் படித்தார். பிறகு இங்கிலாந்தின் நூற்பாலைப் பகுதியான லங்காஷயரின் பிளாக்பர்னில் ஓர் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாக நின்று, பஞ்சு வாங்குவது முதல் நூல் விற்பது வரை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். வந்தவுடன் அவரும் ஆற்றைத்தான் தேடினார்! பல ஆறுகளைப் பார்த்துவிட்டு, இந்த அளவு ஆலைக்கு எதுவும் போதாது என்று முடிவுசெய்து ஓசாகா நகரத்தின் ஓரத்திலேயே நீராவி இயந்திரம் வைக்கச் சொன்னார். நிலக்கரி வாங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் துறைமுகமும் பஞ்சு வியாபாரியும் நூல் வாங்குபவரும் பக்கத்தில் இருப்பார்கள்.

1883-ல் ஓசாகா நூற்பாலை ஓடத் தொடங்கியபோது அதில் 10,500 கதிர்கள். பங்கு போட்டவர்கள் முன்னாள் பிரபுக்களும் ஓசாகா, தோக்கியோ வணிகர்களும். அவர்களில் துணி, நூல் வியாபாரிகளும் இருந்தனர். அதாவது ஆலையின் நூலை வாங்கப்போகிறவர்களே அதன் பங்குதாரர்கள். ஆலை இரண்டு ஷிப்டாக இரவும் பகலும் ஓடியது. இயந்திரம் தங்கவிலை, கூலி மலிவு என்ற நாட்டில் இதுதான் சரியான கணக்கு. விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தைப் பாதி நேரம் தூங்கவிட முடியாது. சீக்கிரம் தேயும் என்பார்கள். தேயட்டும், அதற்குள் புதிய வகை வந்துவிடும்.

புதிய வகையும் வந்தது. முதலில் வாங்கியவை மியூல் என்ற நூற்பு இயந்திரங்கள். மியூலில் வண்டி வெளியே ஓடி நூலை இழுத்து முறுக்கும், பிறகு உள்ளே திரும்பும்போது சுற்றும். ஓட்டுவதற்குப் பலமும் பழக்கமும் வேண்டும். புதிய வகையான ரிங் பிரேமில் இழுப்பதும் முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கும், அறுந்த இழையைப் பிணைக்கத் தெரிந்த பெண்ணே பார்த்துக்கொள்ளலாம். 1880-களின் கடைசியில் ஜப்பானிய ஆலைகள் கூட்டமாக ரிங்குக்கு மாறின. லங்காஷயர் அப்போதும் மியூலை விடவில்லை. ஆனால் ரிங் நூலை வெடுக்கென்று இழுக்கும், குட்டை இழை தாங்காது. அதற்குத்தான் மிக்சிங். சீனப் பஞ்சு, இந்தியப் பஞ்சு, கொஞ்சம் நீளமான அமெரிக்கப் பஞ்சு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டி எடுத்தால் ஒவ்வொரு பிடியிலும் எல்லா அடுக்கும் வரும். 16, 20 கவுண்ட் போன்ற தடித்த நூலுக்கு அது போதும். கவுண்ட் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல் சிட்டங்கள் எத்தனை என்பது. அப்பாவுக்குத் தெரியும், உங்களுக்காகச் சொல்கிறேன்.

ஒரு ஆலை இதைக் கண்டுபிடித்ததில் பெரிய விஷயம் இல்லை. மற்ற ஆலைகள் அதை உடனே அறிந்ததுதான் விஷயம். நூற்பாலைச் சங்கம் தன் மாத இதழில் ஆலை ஆலையாகக் கதிர் எத்தனை, நூல் எவ்வளவு, தொழிலாளர் எத்தனை, கூலி என்ன என்று அச்சிட்டது. பக்கத்து ஆலை உங்களைவிட ஒரு கதிருக்கு அதிக நூல் எடுத்தால் மறுமாதமே தெரிந்துவிடும். இதோ தென்ஷிச்சியும் கைகட்டி உட்காரவில்லை. ஷிபுசாவாவின் உதவியோடு 1886-ல் யொக்கைச்சி துறைமுகத்தில் மியே நூற்பாலையை நிறுவி, ஆற்றை விட்டு நீராவிக்கு மாறினார். 1914-ல் அதுவும் ஓசாகா ஆலையும் இணைந்தன.

பஞ்சிலும் இப்படித்தான். பம்பாயிலிருந்து பஞ்சு கொண்டுவரும் கப்பல் கூட்டணி டன்னுக்கு 17 ரூபாய் கேட்டது. ஆலைகள் 1893-ல் டாட்டாவோடும் நிப்பான் யூசென் கப்பல் நிறுவனத்தோடும் சேர்ந்து புதிய தடம் திறந்தன. எதிராளி கட்டணத்தை ஒன்றரை ரூபாய்க்கு இறக்கி அடித்தார். அந்த மலிவுக்கு மயங்காமல், கூடுதல் கட்டணம் கொடுத்து நிப்பான் யூசெனிலேயே ஏற்றுவோம் என்று சங்கம் நின்றது. 1890-ல் உள்நாட்டு நூல் உற்பத்தி இறக்குமதியை மிஞ்சியது. 1897-ல் நூல் ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சியது.

இனி சீனாவைப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே வருடங்கள்தான். ஷாங்காய் பருத்தித் துணி ஆலைக்கு 1878-லேயே திட்டம் போட்டார்கள். சீன அரசின் உயர் அதிகாரி லீ ஹோங்சாங் போன்ற அறிவும் அதிகாரமும் உள்ள மனிதர் ஆதரவு. சீனப் பஞ்சு புதிய இயந்திரத்துக்கு ஒத்துவருமா என்று அமெரிக்காவுக்கே அனுப்பிச் சோதித்தார்கள். திறமையில் குறையே சொல்ல முடியாது. 1882-ல் லீ அதற்குப் பத்து வருட ஏகபோகம் வாங்கிக்கொடுத்தார். வேறு சீன வியாபாரி பணம் போட விரும்பினால் அந்த ஆலையில் பங்கு வாங்கலாம், தனி ஆலை வைக்க முடியாது. 1883-ல் ஷாங்காய் பணச்சந்தை விழுந்தது, போட்ட பணம் சிக்கிக்கொண்டது. ஆலை ஓடியது 1890-ல்தான். மூன்றே வருடத்தில், 1893 அக்டோபரில், தீப்பிடித்து எரிந்துபோனது.

தீ எங்கேயும் பிடிக்கும். 1892-ல் ஓசாகா ஆலையிலும் பிடித்தது, பலர் செத்தார்கள். ஆனால் அதற்குள் ஜப்பானில் பத்துப் பதினைந்து ஆலைகளாவது அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன. ஷாங்காயிலோ ஒரே ஆலை தாமதித்தபோது ஒரு தேசத்தின் நூற்பே தாமதித்தது. அரசு ஆதரவு இரண்டு இடத்திலும் இருந்தது. ஜப்பானில் அது 2,000 கதிர் என்று தவறாகச் சொன்னபோது, 10,500 என்று சொல்லிப் பார்க்க இன்னொருவருக்குத் தடை இல்லை. நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தியாவைத் தனியாகப் பேச வேண்டும், ஒன்றை மட்டும் தொட்டுவிடுகிறேன். பம்பாய் ஆலைகள் ஜப்பானுக்கு முந்தியவை, அளவிலும் பெரியவை. அங்கே கற்பதில் குறையில்லை. ஆட்சி வேறு கையில் இருந்தது. 1896-ல் ஜப்பான் தன் ஆலைகள் கேட்டபடி கச்சாப் பஞ்சின் இறக்குமதி வரியை நீக்கியது. நூலின் ஏற்றுமதி வரியை 1894-லேயே நீக்கியாயிற்று. அதே 1896-ல் இந்தியாவில் லங்காஷயர் கேட்டபடி உள்நாட்டு ஆலைத் துணிமீது 3.5 சதவீத வரி விழுந்தது. உங்கள் அப்பா சொன்ன “நாம பேசினோம்” அங்கே பொருந்தாது. பேசியது லங்காஷயரின் மான்செஸ்டர்.

கடைசியாகப் பேராசிரியர் சொன்ன அந்தக் கட்டுப்பாடு. ஆலையில் பெரும்பாலோர் ஏழை விவசாயக் குடும்பத்துப் பெண்கள். தரகர் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தார். சுவர் வைத்த விடுதி, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரவு வேலை, பஞ்சுத்தூசி, காசநோய். விசுவாசமாக இருந்தார்கள் என்கிறார் பேராசிரியர். அவர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிப்போனார்கள். ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கக்கூடாது என்று ஆலைகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட வேண்டியிருந்ததே அதனால்தான். தொழிற்சாலைச் சட்டம் 1911-ல் வந்தது, 1916-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பெண்களின் இரவு வேலை நின்றது 1929-ல்.