வாரம் எத்தனை லோரியை ஒப்பந்தத்தில் கட்டுவது?

"பிறையிலிருந்து ஷா ஆலாமுக்குச் சரக்கு அனுப்புகிறோம். அன்றன்றைய விலையில் லோரி பிடிப்பதா, ஒரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதா?"

உங்கள் சராசரியை மறந்துவிட்டு, மிக மந்தமான வாரத்தைப் பாருங்கள். சராசரி 10 லோரி, மந்தமான வாரத்தில் 6 என்றால் அந்த 6-ஐ மட்டும் ஒப்பந்தத்தில் கட்டுங்கள். 10 என்று வாக்குக் கொடுத்து 6 அனுப்பினால், லோரிக்காரர் அடுத்த முறை உங்களைக் கடைசியில்தான் கவனிப்பார்.

ஒரு கணக்கு: ஒப்பந்த விலை 1,350 ரிங்கிட், சந்தை விலை சாதாரண 44 வாரங்களில் 1,250, பெருநாள் நெருக்கடியுள்ள 8 வாரங்களில் 1,900 என்று வையுங்கள். வாரம் ஒரு லோரிக்கு வருடத்தில் 4,400 கூடுதலாகக் கொடுத்து, அதே 4,400-ஐ மிச்சப்படுத்துகிறீர்கள். பணத்தில் சரிக்குச் சரி. ஆனால் பெருநாளையொட்டிக் கனரக வாகனங்களுக்குத் தடை வரும். அதற்கு முந்தைய நாள்களில் லோரி கிடைப்பதே பெரும்பாடு.

அப்புறம், ஒப்பந்தம் இருந்தாலும் லோரி வராமல் போகலாம். ஒருமுறை எங்களுக்கு நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம், "டிரைவர் இல்லை பாஸ்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரிதான் வந்தது. அதன்பின் 10 முறை கேட்டால் எத்தனை முறை ஏற்கிறார்கள் என்று எழுதி வைக்கிறேன். சாதாரண வாரத்திலேயே அது 8-க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் வெளிவிலை உங்கள் விலையைத் தாண்டியிருக்கும்.