மேஸ்திரிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் சென்னையில் பதினேழு வருஷமாகக் கொத்து வேலை செய்கிறார். இப்போது மேஸ்திரி. கத்தாருக்குப் போக ஏஜென்சியில் ஆங்கில ரெஸ்யூமே கேட்கிறார்கள். அண்ணன் தன் வேலையை நோட்டில் நாலு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார். பி.காம். படிக்கும் எனக்கே அதை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியவில்லை. எங்கேயும் தேதி இல்லை, "வெள்ளத்துக்கு முந்தி", "வர்தா அப்போ" என்றுதான் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் கொடுத்தேன். "சைட் சூப்பர்வைசர், 17 வருட அனுபவம்" என்று அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். அண்ணனுக்கு அதில் திருப்தி இல்லை. நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம்,
பெரும்பாக்கம், சென்னை.

அன்புள்ள தம்பி,

நாலு பக்கத்தையும் படித்தேன். அந்த அரைப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் அண்ணன் சரியாகத்தான் சொல்கிறார்.

எழுத்து சோறு போடாத நாட்களில், சென்னையில் ஆள் அனுப்பும் ஒரு அலுவலகத்தில் பயோடேட்டா தட்டச்சு செய்யும் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு மேஸ்திரியை நானே "சூப்பர்வைசர்" ஆக்கினேன், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு. நேர்காணலுக்கு வந்திருந்த கம்பெனி இன்ஜினியர் அவரிடம் கம்பி அட்டவணையை நீட்டி, "இதில் 16 மில்லி கம்பி மொத்தம் எத்தனை டன்?" என்றார். அப்புறம், தினசரி அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். மனிதர் வெறுங்கையோடு வெளியே வந்தார். சுவர் கட்டச் சொல்லியிருந்தால் அந்த அறையிலேயே அவரை மிஞ்ச ஆள் இருந்திருக்காது. அந்தக் கேள்விகளை வரவழைத்தது நான் போட்ட ஒற்றைச் சொல்.

சென்னையில் மேஸ்திரி என்பது ஒரு வேலை இல்லை, இரண்டு வேலை. ஒன்று, கொத்தனாரையும் சித்தாளையும் வைத்து வேலை வாங்குவது: நூல் பிடிப்பது, மூலைமட்டம் பார்ப்பது, யாருக்கு எந்தச் சுவர் என்று பிரிப்பது. இன்னொன்று, லேபர் காண்ட்ராக்ட்: ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவது, அட்வான்ஸ் கொடுப்பது, சதுரத்துக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவது, சனிக்கிழமை கூலி பட்டுவாடா. வளைகுடாவில் மாதச் சம்பளத்துக்குப் போகிறவருக்கு இந்த இரண்டாம் பாதி கிடையாது. அங்கே ஆள் எடுப்பதும் கூலி கொடுப்பதும் கம்பெனி. அதனால் அண்ணனின் நோட்டில் பணம் சம்பந்தப்பட்ட ஒன்றரைப் பக்கத்தை ரெஸ்யூமேவில் சேர்க்க வேண்டாம். முதல் பாதிக்கு அங்கே பெயர் இருக்கிறது. சின்னக் குழுவைத் தானும் கரண்டி பிடித்துக்கொண்டே நடத்துகிறவர் சார்ஜ்ஹேண்ட். அதைவிடப் பெரிய குழுவை நின்று நடத்துகிறவர் ஃபோர்மேன். சூப்பர்வைசர் அதற்கும் மேலே, பெரும்பாலும் டிப்ளமோ கேட்பார்கள். அண்ணனுக்கு மேசன் ஃபோர்மேன் பொருந்தும், சார்ஜ்ஹேண்ட் என்று போட்டாலும் குறைவில்லை. நம் ஊர் ஆங்கிலத்தில் 'மேஸ்திரி' என்றே எழுதுகிறோமே, அதைப் போடாதீர்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல்தான், இருந்தாலும் தோஹாவில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு அது விளங்காது.

சரி, தேதிக்கு வருவோம். "எங்கேயும் தேதி இல்லை" என்கிறீர்கள். எனக்கு அந்த நாலு பக்கத்திலும் தேதியாகத்தான் தெரிகிறது. அண்ணன் எழுதியதை இப்படிப் பாருங்கள்: "வெள்ளம் வந்தப்போ பள்ளிக்கரணை சைட் நின்னுபோச்சு. ஊருக்குப் போயிட்டு பொங்கல் கழிச்சு வந்து, நாவலூர்ல புது காண்ட்ராக்டர்கிட்ட மேஸ்திரியா சேர்ந்தேன். வர்தா அன்னிக்கு நாலாவது ஸ்லாப்புக்கு சென்ட்ரிங் அடிச்சிருந்தோம், பாதி பறந்துபோச்சு. லாக்டவுன் வரைக்கும் அவர்கிட்டதான்."

பெருவெள்ளம் 2015 டிசம்பர் தொடக்கம். பொங்கல் கழித்து என்றால் 2016 ஜனவரி கடைசி. வர்தா கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. ஊரடங்கு 2020 மார்ச். ஆக 2016 ஜனவரி முதல் 2020 மார்ச் வரை ஒரே காண்ட்ராக்டர், நாலு வருஷம் இரண்டு மாதம். கணக்கு சரிதானா என்று அந்தப் பத்தியை வைத்தே சோதிக்கலாம். ஜனவரியில் அஸ்திவாரத்தில் ஆரம்பித்த கட்டடம் டிசம்பரில் நாலாவது ஸ்லாப்புக்கு வந்திருந்தால் நம்பும்படி இருக்கிறது. வர்தாவின்போது எட்டாவது ஸ்லாப் என்று எழுதியிருந்தால், சேர்ந்த தேதியை மறுபடி கேட்கச் சொல்லியிருப்பேன்.

மற்ற பக்கங்களையும் இதே மாதிரி பிரியுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30, 'நோட்டு செல்லாமல் போனது' 2016 நவம்பர் 8, மிக்ஜாம் 2023 டிசம்பர். வருஷத்தை மட்டும் போடாதீர்கள், மாதமும் வேண்டும். 2015–2016 என்று போட்டால் இரண்டு மாதமா இரண்டு வருஷமா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. அண்ணனிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் பதிவு செய்த தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியில் அவர் இந்தத் தொழிலில் இருந்தார் என்பதற்கு அது ஒரு ஆணி.

இடைவெளியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஊரடங்கில் ஊருக்குப் போய் ஆறு மாதம் இருந்தது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆடியில் வேலை குறைந்து ஊருக்குப் போய் வந்ததையெல்லாம் இடைவெளியாகக் காட்ட வேண்டியதில்லை, அதே காண்ட்ராக்டரிடம்தானே திரும்பினார். ஏஜென்சிக்காரர்கள் சிரிக்கிற தப்பு வேறு: இடைவெளியை மறைக்கத் தேதியை இழுத்து, இரண்டு சைட் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது. ஒரே ஆள் 2018 மார்ச்சில் நாவலூரிலும் ஆவடியிலும் நின்று சுவர் கட்ட முடியாது.

அந்தப் பதினேழு வருஷத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். முதல் மூன்று வருஷம் கலவை சுமந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அது ஹெல்பர் வேலை. கரண்டி கைக்கு வந்த நாளிலிருந்து மேசன், ஆட்களை நடத்த ஆரம்பித்ததிலிருந்து ஃபோர்மேன். மூன்றையும் தனித்தனியாகப் போட்டால், படிப்படியாக வந்தவர் என்று பார்த்தவுடன் தெரியும்.

அடுத்தது, "எல்லாத்தையும் நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்ற வரி. நாலு பக்கத்தில் ஏழு தடவை வருகிறது. தமிழில் அதற்குள் ஒரு ஊரே இருக்கிறது, ஆங்கிலத்தில் போட்டால் வாட்ச்மேன் வேலை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் அண்ணனை நிறுத்திக் கேளுங்கள்: எத்தனை ஆள்? என்ன சுவர், செங்கல்லா பிளாக்கா? பூச்சு உள்பக்கமா வெளிப்பக்கமா, எவ்வளவு கனம்? பிளானைப் பார்த்து நீயே மார்க் பண்ணுவியா, இன்ஜினியர் போட்டுக் கொடுப்பாரா?

ஆள் கணக்குக்கு அவர் ஞாபகத்தை நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தில், ரெஸ்யூமே பக்கத்துக்கு அடியில், பழைய கூலி நோட்டின் ஒரு தாள் எட்டிப் பார்க்கிறது. "கொ 4, பெ 3, சி 5, அரை ஆள் 1" என்று பென்சிலில் இருக்கிறது. அதைவிட நல்ல ஆதாரம் ஏது? கொத்தனார் 4, பெரியாளும் சித்தாளும் சேர்ந்து 8. அரை ஆளை விட்டுவிடலாம். மொத்தம் 12 பேர்.

அளவையும் மாற்ற வேண்டும். கத்தாரில் மெட்ரிக். ஒன்பது இஞ்ச் சுவர் 230 மில்லி, நாலரை இஞ்ச் 115 மில்லி. ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி, அதாவது 9.3 சதுர மீட்டர். அண்ணன் "நாளைக்கு ஒரு சதுரம் பூசுவேன்" என்று எழுதியதை 9 சதுர மீட்டர் என்று போடுங்கள். கூட்டிப் போட்டால் டிரேட் டெஸ்டில் மாட்டிக்கொள்வார். மூலையோடு ஒரு சின்னச் சுவரைக் கட்டச் சொல்லி, கடிகாரம் பார்த்து, குண்டு நூலும் ரசமட்டமும் வைத்து அளப்பார்கள்.

இன்னொன்று. வளைகுடாவில் சுவர் என்றால் பெரும்பாலும் கான்கிரீட் பிளாக், செங்கல் குறைவு. நாவலூரில் உள்சுவர் எல்லாம் சாலிட் பிளாக் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாரே, அதை முன்னால் கொண்டுவாருங்கள். இந்தப் பக்கங்களிலேயே அங்கே அதிகம் எடுபடும் வரி அதுதான்.

இதையெல்லாம் சேர்த்து நாவலூர் நாலு வருஷம் இப்படி வரும்:

```
Mason Foreman (Block, Brick, Plaster)
Jan 2016 – Mar 2020, Chennai, India
Residential building, stilt + 5 floors
- Led 12 workers: 4 masons, 8 helpers
- Set out walls from drawings
- Block walls; 230 mm and 115 mm brick walls
- 12 mm internal plaster, 9 sq m a day by own hand
```

'நான்' எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? ரெஸ்யூமேவில் அப்படித்தான் எழுதுவது வழக்கம். பிளானைப் பார்த்து மார்க் பண்ணும் வரியை, அண்ணன் உண்மையில் அதைச் செய்தார் என்றால் மட்டும் வையுங்கள். அது இருந்தால் நேர்காணலில் ஒரு பிளானை விரித்து வைப்பார்கள், நிச்சயம்.

பெயர், பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். நம் ஆட்கள் இனிஷியலை முன்னால் போடுவார்கள், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து Surname கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். அதைப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும், ஒவ்வொரு வரியையும் தமிழில் கேள்வியாக்கி அண்ணனிடம் கேளுங்கள். "பன்னிரண்டு பேரில் யார் யார்?", "பன்னிரண்டு மில்லி பூச்சுக்குக் கலவை என்ன விகிதம்?" என்று. யோசிக்காமல் பதில் வராத வரியை அடித்துவிடுங்கள். அங்கே கேட்கிறவர் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்பார், அதனால் மேசன், பிளாஸ்டர், லெவல், டிராயிங் என்று அண்ணனுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களையே ரெஸ்யூமேவில் வையுங்கள். பிரவுசிங் சென்டர் தாளில் இருந்த அலங்கார வார்த்தைகளை அவரால் வாயால் சொல்லவே முடியாது.

நாவலூர் காண்ட்ராக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கிடைக்குமா என்று போனில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதில் உள்ள மாதமும் பதவியும் இதோடு ஒத்துப்போக வேண்டும், அதனால் கேட்கும்போதே மேலே உள்ள வரிகளை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கடிதம் கிடைக்காவிட்டால் சைட் பெயர்களோடு விட்டுவிடலாம். அச்சகத்தில் காசு கொடுத்து வாங்கும் கடிதம் மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் எண்ணுக்கு ஏஜென்சியிலிருந்து போன் போகும்.

பள்ளிக்கரணை சைட்டில் எப்போது சேர்ந்தார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. "தங்கச்சி கல்யாணத்துக்கு அடுத்த மாசம்" என்று இருக்கிறது. அந்தக் கல்யாணப் பத்திரிகை உங்கள் வீட்டில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.