லைட் ஆப் போட்டால் இடம் மிச்சமாகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது 16 ஜிபி போன். வாட்ஸ்ஆப் மட்டுமே 4.2 ஜிபி பிடித்திருக்கிறது. அதன் லைட் பதிப்பைப் போட்டால் குறையுமா? எங்கே கிடைக்கும்?

வாட்ஸ்ஆப்புக்கு அதிகாரபூர்வமான லைட் பதிப்பே கிடையாது. அந்தப் பெயரில் உலவும் ஏபிகே எனும் நிறுவல் கோப்புகள், மூல ஆப்பை வேறு யாரோ பிரித்துத் திருத்திக் கட்டியவை. அவற்றைப் பயன்படுத்தும் எண்ணை வாட்ஸ்ஆப் முதலில் தற்காலிகமாகத் தடுக்கும். தொடர்ந்தால் நிரந்தரமாகவே முடக்கிவிடும். அதோடு, உங்கள் செய்திகள் முழுவதும் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலின் வழியாகப் போகும். அதை நிறுவ வேண்டாம்.

நல்ல லைட் பதிப்பு ஒன்று இருந்தாலும் உங்கள் சிக்கல் தீராது. போனின் Settings → Apps → WhatsApp → Storage பகுதியைத் திறந்தால் App size, User data, Cache என்று மூன்று கணக்குகள் தெரியும். லைட் பதிப்பால் குறைக்க முடிவது முதலாவதை மட்டுமே. உங்கள் 4.2 ஜிபியில் ஆப்பின் பங்கு மிகச் சிறியது. மீதியெல்லாம் உரையாடல்களும் படங்களும் வீடியோக்களும்தான். அவை எந்தப் பதிப்பிலும் அதே அளவில்தான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் அந்த 4.2 ஜிபியை எந்த வரிசையில் குறைப்பது? கேலரியில் நிறைய அழித்தும் பெரிதாக மாற்றமில்லை.

கேலரியில் எல்லாம் தெரியாது என்பதுதான் காரணம். கோப்பு மேலாளரில் இந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp
```

உங்களுடையதைப் போன்ற ஒரு போனை எடுத்துக்கொள்வோம். Media கோப்புறைக்குள் வீடியோக்கள் 1.5 ஜிபி, படங்கள் 600 எம்பி, குரல் செய்திகள் 150 எம்பி. பக்கத்தில் உள்ள Databases கோப்புறையில் 180 எம்பி வீதம் எட்டுக் கோப்புகள், ஆக 1.4 ஜிபிக்கும் சற்று மேல். மீதி அரை ஜிபி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும், உரையாடல்கள் பதிவாகும் தரவுத்தளமும் ஆப்பும். நீங்கள் கேலரியில் அழித்தது பெரும்பாலும் அந்த 600 எம்பி படங்களிலிருந்தாகத்தான் இருக்கும்.

வீடியோவிலிருந்து தொடங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் Settings → Storage and data → Manage storage என்று போனால், 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை பகிரப்பட்டவையும் மேலேயே தனித்தனியாக நிற்கும். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி அழியுங்கள். ஒரே வீடியோ மூன்று குழுக்களில் வந்திருந்தால் எல்லாப் பிரதிகளையும் சேர்த்து அழித்தால்தான் இடம் கிடைக்கும். அதைக் கேட்கும் டிக் பெட்டி அழிக்கும்போதே வரும், அதைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர்.

அடுத்தது WhatsApp Video கோப்புறைக்குள் இருக்கும் Sent. நீங்கள் ஒரு வீடியோவை அனுப்பும்போது வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கி, சுருக்கிய பிரதியை இங்கே வைத்துக்கொள்கிறது. மூலம் கேமரா கோப்புறையிலும் இருக்கும். அதாவது ஒரே காட்சி இரண்டு முறை. Sent-ஐக் காலி செய்தால் பெற்றவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் உரையாடலில் மட்டும் அந்த வீடியோ திறக்காது.

இனி அந்த எட்டுக் கோப்புகள். வாட்ஸ்ஆப் ஒவ்வொரு நாளும் அதிகாலை 2 மணிக்கு உங்கள் உரையாடல்களைப் போனுக்குள்ளேயே நகலெடுத்து, ஏழு நாள்வரை பழைய நகல்களையும் வைத்திருக்கும். பெயரில் தேதி இருப்பவை பழையவை. தேதி இல்லாத `msgstore.db.crypt14` அல்லது `msgstore.db.crypt15` என்பதுதான் நடப்பு நகல். அதை விட்டுவிட்டுத் தேதியுள்ளவற்றை அழித்தால், நம் கணக்கில் ஏழு 180 எம்பி, கிட்டத்தட்ட 1.26 ஜிபி உடனே கிடைக்கும்.

ஆனால் இது ஒரு வாரத்துக்கான நிம்மதிதான். நாளுக்கொன்றாக நகல் சேர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆப் புதுப்பிக்க அவசரமாக இடம் வேண்டும் என்றால் இந்த வழி உதவும். நிலையாகக் குறைய வேண்டுமென்றால் தரவுத்தளமே இளைக்க வேண்டும்: ஆயிரக்கணக்கில் செய்தி குவிந்த பழைய குழுக்களைத் திறந்து Clear chat கொடுங்கள். தரவுத்தளத்தில் 10 எம்பி குறைந்தால், அதன் நகல்கள் ஒவ்வொன்றிலும் குறைகிறது என்பதால் பலன் பல மடங்கு. அழித்த அன்றே User data எண் இறங்காமல் போகலாம். தரவுத்தளம் காலியான பக்கங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அடுத்து வரும் செய்திகளுக்குப் பயன்படுத்தும். அது மேலும் வளராமல் நிற்பதே பலன்.

கடைசியாக, குழாயை மூடாமல் தண்ணீரை இறைத்துப் பயனில்லை. Storage and data பக்கத்திலேயே Media auto-download பகுதியில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் எல்லாக் குறிகளையும் எடுத்துவிடுங்கள். குரல் செய்திகள் மட்டும் எப்போதும் தானாகவே இறங்கும், அதைத் தடுக்க வழியில்லை.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்ஆப்பில் அழித்த படத்தைத் திரும்பக் கேட்டு வாங்கும் நிலை வரலாம். சென்று சேர்ந்த கோப்பை அதன் சர்வர் உங்களுக்காகக் காலமெல்லாம் வைத்திருப்பதில்லை. வேண்டியதை முதலில் கணினிக்கோ மெமரி கார்டுக்கோ நகலெடுத்த பிறகு அழியுங்கள். Clear cache பாதுகாப்பானது. Clear data என்ற பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: மெசஞ்சர் லைட் வைத்திருந்தேன். இப்போது வேலை செய்யவில்லை. பழைய ஏபிகே தேடிப் போடலாமா? உண்மையில் அது எதையெல்லாம் விட்டுவிட்டுச் சிறியதாக இருந்தது?

2016-இல் வந்த மெசஞ்சர் லைட்டை 2023 செப்டம்பர் 18-உடன் மெட்டா நிறுத்திவிட்டது. பழைய ஏபிகேவை நிறுவினாலும் அது பேச வேண்டிய சேவை மறுமுனையில் இல்லை, அதனால் தேட வேண்டாம்.

அது எதை விட்டது என்பதைத் தெரிந்துகொள்வது இப்போதும் உதவும், ஏனென்றால் எல்லா லைட் ஆப்களும் ஏறக்குறைய அதே வழியில்தான் மெலிகின்றன. முதலில் போவது அலங்காரம்: ஸ்டோரிகள், கேமரா விளைவுகள், விளையாட்டுகள், அசையும் காட்சிகள். இவை போனால் பெரும்பாலோருக்குக் குறையே தெரியாது. அடுத்து போவது கனமான திறன். மெசஞ்சர் லைட்டில் தொடக்கத்தில் வீடியோ அழைப்பு இல்லை, 2018-இல்தான் சேர்ந்தது. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: முழு மெசஞ்சரில் இருந்த, இரு முனைகளிலும் குறியாக்கம் செய்யப்பட்ட ரகசிய உரையாடல் வசதி லைட்டில் இல்லை. எந்த லைட் ஆப்பை நிறுவும் முன்பும் இந்த மூன்றாவதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

பேஸ்புக் லைட் வேறொரு வழியில் சிறியதாகிறது. திரையை உருவாக்கும் வேலையில் பெரும்பகுதியைச் சர்வரே செய்து அனுப்புகிறது, போன் அதைக் காட்டுகிறது. அதனால் ஆப் சில எம்பியில் அடங்குகிறது, பழைய சிப்புக்கும் சுமையில்லை. இதற்கு விலை என்னவென்றால், ஒவ்வொரு தொடுதலுக்கும் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும். வலையமைப்பு தடுமாறும் இடத்தில் போன் மெதுவாக இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் குறை இணைப்பில் இருக்கும். படங்களும் அதிகம் சுருக்கப்பட்டே வரும், ஒரு ஆவணத்தின் சிறிய எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முயன்றால் கலங்கித் தெரியும்.

இன்னொன்று: நிறுவும்போது தெரியும் சிறிய அளவை நம்பி இடம் ஒதுக்காதீர்கள். சில வாரங்களில் கேஷ் ஆப்பைவிடப் பல மடங்கு வளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை Clear cache கொடுத்தால் போதும்.

கேள்வி: டெலிகிராமும் இதேபோல் ஊதுகிறது. அதில் அழித்தால் செய்தி போய்விடுமா?

போகாது. டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் அதன் சர்வரில் இருக்கின்றன, போனில் கிடப்பது பார்த்தவற்றின் தற்காலிகப் பிரதி. இடம் குறைந்த போனுக்கு இந்த அமைப்பு மிகவும் தோதானது. Settings → Data and Storage → Storage Usage பக்கத்தில் கேஷை அழிக்கலாம், மறுபடி தொட்டால் மறுபடி இறங்கும். அதே பக்கத்தில் தானாக நீக்கும் காலத்தைத் தனி உரையாடல், குழு, சேனல் என்று தனித்தனியாக வைக்கலாம். சேனல்களுக்குக் குறுகிய காலமும், Maximum cache size-க்கு இருப்பதிலேயே மிகச் சிறிய அளவும் வையுங்கள். Save to Gallery-யை நிறுத்துங்கள், கேலரிக்குப் போன பிரதியை இந்தச் சுத்தம் தொடாது.

விதிவிலக்கு Secret Chat. அந்தச் செய்திகள் சர்வரின் களஞ்சியத்தில் இல்லை, அந்தப் போனோடு கட்டப்பட்டவை. ஆப்பை நீக்கினால் அவையும் போய்விடும்.

ஆப்பே வேண்டாம் என்றால் உலாவியில் `web.telegram.org` திறந்து முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளலாம். அதில் Secret Chat கிடையாது.

கேள்வி: 300 எம்பி காலியாக இருக்கிறது. 100 எம்பிகூட இல்லாத ஆப்பைப் புதுப்பிக்க முடியவில்லையே, ஏன்?

புதிய பதிப்பு முழுதாக இறங்கி நிறுவப்படும்வரை பழையதும் போனில் இருக்கும். நிறுவும்போது ஆண்ட்ராய்டு நிரலைப் போனுக்கேற்ப மாற்றி எழுதவும் கொஞ்சம் இடம் எடுக்கும். அதற்கு மேல், மொத்தக் கொள்ளளவில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இவற்றில் குறைவானதற்குக் கீழே காலியிடம் இறங்கினால் ஆண்ட்ராய்டு இடப் பற்றாக்குறை நிலைக்குப் போய்விடும். 16 ஜிபி போனில் அந்தக் கோடு 500 எம்பி, நீங்கள் ஏற்கெனவே அதற்குக் கீழே இருக்கிறீர்கள். எப்போதும் 1 ஜிபி காலியாக வைத்திருங்கள்.

புதுப்பிப்பதற்காக ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ நினைத்தால், முதலில் அந்த `com.whatsapp` கோப்புறையை வெளியே நகலெடுங்கள். ஆப்போடு அதுவும் அழியக்கூடும்.

கேள்வி: மெமரி கார்டுக்கு வாட்ஸ்ஆப்பையே மாற்றலாமா?

ஆப்பை மாற்ற முடியாது, பழைய வீடியோக்களைக் கோப்பு மேலாளர் வழியாக மாற்றலாம். மாற்றியவை கார்டில் திறக்கும், உரையாடலுக்குள் திறக்காது. கார்டை உள் நினைவகமாக ஃபார்மட் செய்யும் வசதி சில போன்களில் உண்டு. மெதுவான கார்டில் அதைச் செய்தால் எல்லா ஆப்களும் திணறும், கார்டு கெட்டால் அதிலிருந்த தரவு வேறு எந்தப் போனிலும் படிக்க வராது.

கேள்வி: க்ளீனர் ஆப் போட்ட பிறகு செய்தி வந்ததே தெரிவதில்லை. ஆப்பைத் திறந்தால் மொத்தமாக வருகிறது.

அந்த க்ளீனர் மெசேஜிங் ஆப்பை Force stop செய்கிறது. அப்படி நிறுத்தப்பட்ட ஆப்பை நீங்களே திறக்கும்வரை ஆண்ட்ராய்டு அதற்கு அறிவிப்புகளைக் கொடுக்காது. க்ளீனரை நீக்குங்கள், அது பிடித்த இடமும் திரும்பக் கிடைக்கும். பிறகும் தாமதித்தால் மெசேஜிங் ஆப்பின் Battery அமைப்பில் Unrestricted தேர்ந்தெடுங்கள்.