சைட்டில் ரிஸ்க் அசெஸ்மென்ட் ஏற்கெனவே இருக்கிறதே, ஒவ்வொரு வேலைக்கும் தனியாக பர்மிட் எதற்கு?

எங்கள் சைட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. நடுவே தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறை, இறங்க ஒரே ஒரு மேன்ஹோல். மேல் ஸ்லாப் போட்டாயிற்று, உள்ளே ஸ்லாப்பைத் தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க வேண்டும். எங்கள் ரிஸ்க் தாளில் இந்த வேலைக்கு எழுதியிருந்தது, பலகை மேலே விழுவதும் ஆள் தவறி விழுவதும்தான். புதுத் தொட்டி, இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை, உள்ளே என்ன வாயு வரப்போகிறது என்று நினைத்துவிட்டோம்.

பர்மிட் எழுதுவதற்காக சென்ட்ரிங் மேஸ்திரியோடு இடத்தைப் பார்க்கப் போனபோது அவர்தான் சொன்னார்: "மூணு வாரமா மூடியே கிடக்கு சார், உள்ள மழைத்தண்ணி வேற நிக்குது." ஈரப் பலகை அழுகும்போது ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். மூடிய இடத்தில் அதுவே ஆளைக் கொல்லும். நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். வாய் அருகே ஆக்ஸிஜன் 20.6 சதவீதம், அடியில் 17.2. வெளிக்காற்றில் 20.9 இருக்கும், 19.5-க்குக் கீழே போனால் யாரையும் இறக்கக் கூடாது. மேன்ஹோலில் மட்டும் பார்த்திருந்தால் 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருப்போம்.

ப்ளோவர் குழாயை அடிவரை விட்டு அரை மணி நேரம் காற்று அடித்தோம். முதல் அறை சரியாகிவிட்டது. டிடெக்டரை நீளக் கம்பில் கட்டி, தடுப்புச் சுவர்த் திறப்பு வழியாக இரண்டாவது அறைக்குள் நீட்டினால் 18.9. நல்ல காற்று அங்கே போகவே இல்லை. குழாயை அங்கே நீட்டி மறுபடி அளந்த பிறகுதான் பர்மிட் தந்தோம். யார் யார் இறங்குகிறார்கள், வாயிலேயே நிற்கும் காவலாள் யார், மீட்க டிரைபாடும் பெல்ட்டும் தயாரா, எத்தனை மணி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் உண்டு. உள்ளே ஒருவர் மயங்கினால் காவலாள் குதிக்கக் கூடாது. மேலே இருந்தபடியே கயிற்றால் இழுக்க வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாவது இந்த மாதிரித் தொட்டிகளில்தான்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தேங்கிய தண்ணீரை இறைக்க யாரோ பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கப் பார்த்தார்கள். காவலாள் தடுத்துவிட்டார், பர்மிட்டை அங்கேயே ரத்து செய்தோம். பெட்ரோல் என்ஜின் கக்கும் கார்பன் மோனாக்ஸைடு காலையில் கணக்கிலேயே இல்லாத அபாயம். ரிஸ்க் தாள் மாதக்கணக்கில் ஃபைலில் இருக்கும். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே மாறுவது அதற்குத் தெரியாது. மின்சார பம்ப் வந்து, புதிதாக அளந்து, புது பர்மிட் போட்டோம். அரை நாள் போனது, திட்டும் வாங்கினேன்.

அடுத்த தொட்டிக்கு ஸ்லாப் போடும் முன்பே, அறைக்கு ஒன்றாக இரண்டு திறப்பு விடச் சொன்னோம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஆள் இறங்க வேண்டியிருக்கும் வரை, அந்தத் தொட்டிக்கும் காற்றை அளப்பதும் பர்மிட்டும் உண்டு.